‘யெஸ்’ வந்தால் இன்னொரு முறை கேளுங்கள்

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் டிசம்பர் தொடங்கி மார்ச் வரை சாயங்கால வியாபாரம் மீன் தட்டில்தான் ஆரம்பிக்கும். கடை வாசலில் ஐஸ் பரப்பி, அதன்மேல் கொடுவா, சங்கரா, வவ்வால், கணவாய், இறால் என்று அடுக்கியிருப்பார்கள். பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ரஷ்யா என்று எங்கிருந்தோ வந்தவர்கள் குனிந்து பார்ப்பார்கள். சர்வர் ஆங்கிலத்தில் பேசுவார். வந்தவரும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வார். இரண்டு பேருக்குமே அது சொந்த மொழி கிடையாது. சர்வர் கடையில் நின்று பழகிய ஆங்கிலம் ஒரு பக்கம், விருந்தாளி பள்ளியில் படித்துப் பாதி மறந்த ஆங்கிலம் இன்னொரு பக்கம்.

இந்த ஊருக்கு இது புதிதில்லை. இங்குள்ள பல்லவர் காலச் சின்னங்கள் 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. 2022-இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் வந்து இறங்கின. இருந்தும் தப்பான தட்டு மேசைக்குப் போவது நின்றபாடில்லை. காரணத்தை மொழி தெரியாமையில் மட்டும் தேடினால் கிடைக்காது. ஆர்டரைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கடைசியில் ‘ஓகே?’ என்று கேட்கிறோமே, பெரும்பாலான வம்பு அந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

‘ஓகே?’ என்றால் எதிரே இருப்பவர் ‘ஓகே’ என்பார். ‘யெஸ்?’ என்றால் ‘யெஸ்’. புரியாத மொழியில் ஒருவர் சிரித்த முகத்தோடு ஏதோ கேட்கும்போது மறுபடி மறுபடி ‘புரியவில்லை’ என்று சொல்ல யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். தலையாட்டிவிட்டு, வருவது வரட்டும் என்று இருந்துவிடுவார்கள். ஆகவே திருப்பிச் சொல்வதன் நோக்கம் விருந்தாளியிடம் சம்மதம் வாங்குவது என்று நினைத்தால் சம்மதம் மட்டும்தான் கிடைக்கும். தப்பு இருந்தால் அவரே பிடித்துச் சொல்ல வழி இருக்க வேண்டும்.

அதற்கு ஒரு சின்ன வித்தை உண்டு. ‘ஆர்’ போட்டுக் கேட்பது. ‘ரைஸ்? ஆர் சப்பாத்தி?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். புரிந்தவர் ‘ரைஸ்’ என்பார், அல்லது ‘சப்பாத்தி’ என்பார். புரியாதவர் ‘யெஸ்’ என்பார். இரண்டில் எது என்று கேட்டதற்கு ‘யெஸ்’ என்று பதில் வந்தால் கேள்வி போய்ச் சேரவில்லை என்று அந்த நொடியே தெரிந்துவிடும். இதற்கு முன் அவர் சொன்ன ‘யெஸ்’களையும் சந்தேகப்பட வேண்டியதுதான். நோட்டில் எழுதியதை முதலிலிருந்து ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

இதைவிட மோசமான பொறி ஒன்று இருக்கிறது. ‘யூ டோன்ட் வான்ட் ஐஸ்?’ என்று கேட்பது. ‘ஐஸ் வேண்டாமா?’ என்று நாம் தமிழில் கேட்கும் கேள்வி அப்படியே ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறது. தமிழில் வேண்டாதவர் ‘ஆமாம், வேண்டாம்’ என்பார். ஜப்பானியரும் கொரியரும் நம்மைப் போலத்தான், வேண்டாம் என்றால் ‘யெஸ்’ என்பார்கள். பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் வேண்டாம் என்றால் ‘நோ’ என்பார்கள். ஒரே கேள்வி, ஒரே விருப்பம், பதில் மட்டும் நேர் எதிர். ‘நோ’ என்று கேட்ட சர்வர் ‘இல்லை, வேணும்’ என்று எடுத்துக்கொண்டால் ஐஸ் மிதக்கும் கிளாஸ் மேசைக்கு வரும்.

இங்கேயும் ‘ஆர்’தான் கைகொடுக்கும். ‘ஐஸ்? ஆர் நோ ஐஸ்?’ என்று கேட்டால் ‘நோ ஐஸ்’ என்று பதில் வரும். பதிலிலேயே பொருளின் பெயர் இருப்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. விருந்தாளி வெறும் ‘நோ’ என்று சொன்னால் சர்வரே முடித்துவைக்கலாம்: ‘நோ ஐஸ்.’ சொல்லும்போது கிளாஸின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக் காட்டினால் போதும்.

எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்பது அடுத்த விஷயம். நாம் ஆங்கிலம் என்று நினைத்துப் பேசுகிற பல சொற்கள் இந்தியாவுக்கு வெளியே செலாவணி ஆகாதவை. கர்ட், பிரிஞ்சால், லேடீஸ் ஃபிங்கர், பார்சல், மீல்ஸ் எல்லாம் அந்த ரகம். ‘கர்ட் வான்ட்?’ என்றால் விழிக்கிற ஜெர்மானியர், ‘யோகர்ட்?’ என்றதும் தலை நிமிர்வார். அவர் ஊரிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். சாலட், சூப், ஆம்லெட், காஃபி, பனானா, சாக்லேட், கிலோ, மெனு, டாய்லெட் இவையெல்லாம் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் சின்னச் சின்ன உச்சரிப்பு வித்தியாசத்தோடு நடமாடுபவை. கணவாயை ‘ஸ்க்விட்’ என்று சொன்னால் புரியாத இத்தாலியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் ‘கலமாரி’ சட்டென்று விளங்கும். முழுநீள வாக்கியத்துக்காக மெனக்கெடுவதைவிட, இரு பக்கமும் தெரிந்த சொல் எது என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்வது லாபம்.

மரியாதை என்று நினைத்து நாம் சொல்லும் நீண்ட வாக்கியங்கள் விருந்தாளிக்குப் பாரம். ‘வுட் யூ லைக் டு ஹேவ் சம்திங் டு டிரிங்க் ஃபர்ஸ்ட், சார்?’ என்பதில் அவருக்குத் தேவையான சொல் ‘டிரிங்க்’ ஒன்றுதான். மற்றதெல்லாம் அதன்மேல் விழுந்து அமுக்குகிறது. ‘டிரிங்க், சார்?’ என்று கேட்டு மெனுவில் அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்தால் போதும். மரியாதை ‘சார்’, ‘மேடம்’, ‘ப்ளீஸ்’ மூன்றிலும் முகத்திலும் இருக்கிறது. புரியவில்லை என்றால் குரலை உயர்த்துவது நம்மவர்களின் பழக்கம். விருந்தாளிக்குக் காது நன்றாகவே கேட்கிறது. நிதானமாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

தலையசைப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். பக்கவாட்டில் நாம் ஆட்டுகிற அந்தத் தலையாட்டல் நமக்குச் ‘சரி’. பார்ப்பவருக்கு அது ‘முடியாது’ மாதிரியும் இருக்கும், ‘பார்க்கலாம்’ மாதிரியும் இருக்கும். தலை எப்படி வேண்டுமானாலும் ஆடட்டும், கூடவே வாயால் ‘யெஸ்’ என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை.

விரல் கணக்கும் இப்படித்தான். நாம் ஒன்று காட்ட ஆள்காட்டி விரலை நீட்டுகிறோம். ஜெர்மனியிலும் பிரான்சிலும் கட்டைவிரலிலிருந்து எண்ணுவார்கள். கட்டைவிரலை மட்டும் உயர்த்தினால் ஒன்று, கூட ஆள்காட்டி விரலும் சேர்ந்தால் இரண்டு. ‘டீ’ என்று சொல்லிக் கட்டைவிரலைத் தூக்கினவர் டீ பிரமாதம் என்று பாராட்டுகிறாரா, ஒன்று கேட்கிறாரா? டீ இன்னும் வரவே இல்லை என்றால் ஒன்று கேட்கிறார் என்றுதான் அர்த்தம். சீனாவிலிருந்து வந்தவர் அதே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினால் எட்டு. இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் எட்டு ரொட்டி கேட்பது அதிகமாகத் தோன்றினால், நோட்டில் 8 என்று எழுதிக் காட்டிக் கேட்டுவிடலாம். எண்ணை எப்போதும் எழுதிக் காட்டுவது உத்தமம். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் பழகிய காதுக்கே சில சமயம் ஒன்றாகக் கேட்கும். ஜெர்மன் மொழியில் இருபத்தைந்தை ‘ஐந்தும் இருபதும்’ என்ற வரிசையில் சொல்வதால், ஆங்கிலத்தில் பேசும்போதும் அவர்கள் 25-ஐயும் 52-ஐயும் தடுமாறிச் சொல்வதுண்டு. காகிதத்தில் இருக்கும் எண் தடுமாறாது.

இனி ஒரு மேசைக்குப் போவோம். பிரான்சிலிருந்து வந்த கணவன், மனைவி, பத்து வயதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். மூவருக்கும் சேர்த்து ஐம்பது அறுபது ஆங்கிலச் சொற்கள் தெரியும்.

கணவர் வாசலில் ஒரு கொடுவா மீனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். விலை கேட்கிறார். ‘நைன் ஹண்ட்ரட்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவதில்தான் முதல் சண்டைக்கு விதை விழுகிறது. சர்வர் மனத்தில் அது கிலோ விலை. அவர் மனத்தில் அது அந்த மீனின் விலை, அல்லது ஒரு ஆளுக்கு விலை. மீனைத் தராசில் வைத்து அவர் கண்ணெதிரே நிறுக்க வேண்டும். 800 கிராம் என்று காட்டுகிறது. நோட்டில் பெரிதாக 720 என்று எழுதி, மீனைக் காட்டி, ‘திஸ் ஃபிஷ், ஃபுல், 720.’ கிலோ கணக்கு அவருக்குத் தேவையில்லை, கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதுதான் தேவை. இன்னொன்றையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்: ‘வெயிட், பிஃபோர் கிளீனிங்.’ செதிலும் குடலும் போனபின் தட்டில் வரும் மீன் சின்னதாகத்தான் தெரியும். மீனை மாற்றிவிட்டார்கள் என்ற சந்தேகம் அதில்தான் கிளம்புகிறது.

மீன் எப்படி வேண்டும்? ‘கிரில்? ஆர் ஃப்ரை? ஆர் கறி?’ அவர் ‘கிரில்’ என்கிறார். அடுத்து, ‘நோ ஸ்பைசி’ என்கிறார். இந்த இடத்தில் பலரும் ‘மீடியம்?’ என்று ஒரு சமரசம் பேசுவார்கள். நம்மூர் மீடியம் அவர் நாக்குக்கு எரிமலை. அவருக்கு ‘மீடியம்’ என்றால் இறைச்சி எவ்வளவு வெந்திருக்க வேண்டும் என்ற கணக்குகூட நினைவுக்கு வரலாம். நன்றாகத் தெரிந்த இரண்டே நிலையில் கேட்பது மேல்: ‘சில்லி? ஆர் நோ சில்லி?’ அவர் ‘நோ சில்லி’ என்றதும் வேலை முடிந்துவிடவில்லை. சமையலறையில் எது முடியும், எது முடியாது என்பது சர்வருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலையிலேயே மசாலா தடவி ஊறவைத்த மீன் துண்டிலிருந்தோ, கொதித்து இறக்கிய குழம்பிலிருந்தோ மிளகாயை எந்த மாஸ்டராலும் எடுக்க முடியாது. முழு மீனை உப்பு, எலுமிச்சை, பூண்டு, வெண்ணெய் போட்டு அப்போதே சுடலாம். ஆகவே மெனுவில் கறி வகையைக் காட்டி, ‘திஸ், சில்லி இன்சைட். கான்ட் டேக் அவுட்.’ கிரில்லைக் காட்டி, ‘திஸ், நோ சில்லி. ஒன்லி சால்ட், லெமன், கார்லிக், பட்டர்.’ இரண்டு வரிதான். இதைச் சொல்லாமல் ‘நோ ப்ராப்ளம்’ என்று தலையாட்டுவதால் திரும்பி வரும் தட்டுகள் எத்தனையோ.

மனைவி வெஜிடபிள் குருமாவைக் காட்டுகிறார். பையனைக் காட்டி, ‘அலர்ஜி’ என்கிறார். இந்தச் சொல்லும் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் தப்பாகக் கேட்க வழியில்லை. எதற்கு அலர்ஜி என்று கேட்டால், ‘நட்’ என்கிறார். நிலக்கடலையா, முந்திரியா, இரண்டுமேவா? அவருக்கு ஆங்கிலத்தில் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஊகிக்கக் கூடாத இடம் இது. சர்வர், ‘ஒன் மினிட், மேடம்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய், இரண்டு சின்னக் கிண்ணத்தில் நாலு முந்திரியும் நாலு கடலையும் கொண்டுவந்து, பையனுக்கு எட்டாத தூரத்தில் அம்மாவிடம் காட்டுகிறார். ‘திஸ்? ஆர் திஸ்? ஆர் போத்?’ அவர் இரண்டு கிண்ணத்தையும் தொட்டுக் காட்டிக் கையை விரிக்கிறார். இரண்டும் ஆகாது. முந்திரி அரைத்து ஊற்றாத ஹோட்டல் குருமா அபூர்வம். பட்டர் மசாலா வகைகளிலும் பெரும்பாலும் முந்திரி இருக்கும். சில கடைகளில் சமையலே கடலை எண்ணெயில்தான். ஆகவே, ‘திஸ், கேஷ்யூ இன்சைட். நோ குட்.’ பையனுக்கு என்ன தரலாம் என்பதை மாஸ்டரிடம் கேட்காமல் சர்வர் வாக்குக் கொடுக்கக் கூடாது. ‘ஐ ஆஸ்க் கிச்சன்’ என்பது இந்த வேலையில் மிகவும் உபயோகமான மூன்று சொற்கள். மாஸ்டரே உறுதியாகச் சொல்லத் தயங்கினால், ‘சாரி, நாட் ஷ்யூர்’ என்று வந்து சொல்லிவிட வேண்டும். ஒரு ஆர்டர் போகிறது, போகட்டும். சிலருக்கு ஒரு துளி பட்டாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும்.

மாஸ்டர் யோசித்து, புதுச் சட்டியில் வெண்ணெயில் ஆம்லெட்டும், தனியாக வடித்த வெள்ளைச் சாதமும் தரலாம் என்கிறார். சர்வர் மெனுவில் இரண்டையும் காட்டுகிறார். அம்மா ‘ஆம்லெட்’ என்கிறார், பையன் ‘ரைஸ்’ என்கிறான். தனக்கும் குருமா வேண்டாம் என்று விட்டுவிட்டு, பையன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வசதியாகத் தக்காளி சூப் கேட்கிறார். சூப்பிலும் முந்திரி இல்லை என்று உள்ளே கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். தண்ணீருக்கு அவர் சொன்னது: ‘வாட்டர, நோ காஸ்.’ சோடா மாதிரி குமிழி வராத சாதாரணத் தண்ணீர் என்று அர்த்தம்.

இப்போது திருப்பிச் சொல்ல வேண்டும். நம் ஓட்டல்களில் ‘ரெண்டு நெய் ரோஸ்ட், ஒரு ஆனியன் ஊத்தப்பம், ஒரு வடை தனியா’ என்று மூச்சு விடாமல் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கும் கலை உண்டே, அதே வேகத்தில் இங்கே ஒப்பித்தால் ஒன்றும் ஏறாது. எந்த மேசைக்கும் ஒரே வரிசை: யாருக்கு, எத்தனை, என்ன, எது கூடாது. விரல் நீட்டாமல் உள்ளங்கையை விரித்து ஆளைக் காட்டி:

‘சார். ஒன் ஃபிஷ். கிரில். நோ சில்லி.’

நிறுத்தம். முகத்தைப் பார்க்க வேண்டும். மனத்துக்குள் ஒன்று, இரண்டு எண்ணலாம்.

‘மேடம். ஒன் டொமாட்டோ சூப்.’

நிறுத்தம்.

‘பேபி. ஒன் ஆம்லெட். ஒன் வைட் ரைஸ். நோ கேஷ்யூ, நோ பீநட்.’

நிறுத்தம். கிண்ணங்கள் இன்னும் மேசையில் இருந்தால் அவற்றைக் காட்டியே சொல்லலாம்.

‘வாட்டர், நோ காஸ். ஒன்? ஆர் டூ?’

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். எல்லாம் முடிந்தபின் வேண்டுமென்றே ஒரு ‘ஆர்’ மிச்சம் வைத்திருக்கிறார். ‘ஒன் பிக்’ என்று கணவர் சொன்னால், இதுவரை காது கொடுத்துக் கேட்டிருக்கிறார் என்று தெரிகிறது. ‘யெஸ், யெஸ்’ என்று சிரித்தால் மறுபடி மீனிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

‘நோ காஸ்’ என்று அவர் சொன்னதை ‘ஸ்டில் வாட்டர்’ என்று திருத்தாமல் விட்டதற்கும் காரணம் உண்டு. அகராதிப்படி ‘ஸ்டில்’தான் சரி. ஆனால் அவருக்கு அந்தச் சொல் தெரியாது, அதனால்தான் ‘நோ காஸ்’ என்றார். அவர் வாயிலிருந்து வந்த சொல் அவர் காதுக்கும் தெரியும். விருந்தாளியின் சொல்லையே திருப்பிச் சொல்வதற்கு வேறொரு பலனும் இருக்கிறது. ரிக் வான் பாரன் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் நெதர்லாந்தில் ஓர் உணவகத்தில் இதைச் சோதித்து 2003-இல் வெளியிட்டார்கள். விருந்தாளி சொன்ன சொற்களைப் பணிப்பெண் அப்படியே திருப்பிச் சொன்னபோது, அப்படிச் சொல்லாதபோது கிடைத்ததைவிட டிப்ஸ் அதிகமாகக் கிடைத்தது. அங்கே இரு தரப்புக்கும் மொழிச் சிக்கலே இல்லை.

முகம் என்ன சொல்கிறது என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. புரிந்தவர் கேட்டபடியே மெனுவையோ நோட்டையோ பார்ப்பார், சில சமயம் கூடவே முணுமுணுப்பார். புரியாதவர் சர்வரின் முகத்தை மட்டும் பார்த்துச் சிரிப்பார், சர்வர் சொல்லி முடிக்கும் முன்பே தலையாட்டுவார், அல்லது பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார். அப்போது அந்த ஒரு வரியை மட்டும் மெனுவில் தொட்டுக் காட்டித் திரும்பச் சொல்ல வேண்டும். முழு ஆர்டரையும் மறுபடி ஒப்பித்தால் எந்த வரியில் சிக்கல் என்பது அதில் தொலைந்துபோகும்.

எழுதும் சீட்டிலும் இதே வரிசை இருந்தால் சமையலறைக்கும் சுலபம். ‘நோ சில்லி’, ‘முந்திரி கடலை கூடாது’ என்பதைத் தனி வரியில் எழுதிக் கோடு போட வேண்டும். அலர்ஜி சீட்டை ஜன்னலில் குத்திவிட்டு வராமல் மாஸ்டரிடம் வாயாலும் சொல்ல வேண்டும்: ‘மாஸ்டர், நாலாம் டேபிள் பையனுக்கு முந்திரி, கடலை ஆகாது. கரண்டி மாத்திக்கோங்க.’ அவர் திருப்பிச் சொன்னால்தான் நகர வேண்டும். உள்ளே எல்லாருக்கும் தமிழ் தெரியும் என்ற தெம்பில் இதை விட்டுவிடுகிறார்கள். இப்போது பல சமையலறைகளில் பாதிப்பேர் வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள். அங்கேயும் தலையாட்டல்தான், அங்கேயும் ‘ஆர்’தான்.

தட்டை வைக்கும்போது மூன்றாவது முறை சொல்ல வாய்ப்பு கிடைக்கிறது. ‘ஃபிஷ், நோ சில்லி’ என்று சொல்லிக்கொண்டே வைத்தால், ஆள் மாறி வந்திருந்தாலும் முதல் வாய் வைப்பதற்கு முன் தெரிந்துவிடும். பையனின் தட்டை மட்டும் வேறு தட்டுகளோடு சேர்த்து ஏந்தி வராமல் தனியாகக் கொண்டுவர வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் தப்பு நடக்கத்தான் செய்யும். கணவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரைத் தேடுகிறார், அடுப்பில் வேறு யாரோ மிளகாய்த்தூளைத் தூவிவிட்டார்கள் என்றால், ‘யூ டோல்ட் கிரில், சார்’ என்று விளக்கம் ஆரம்பிக்கக் கூடாது. அவர் ஆங்கிலத்தில் வாதாட முடியாதவர், கோபம் மட்டும் மிஞ்சும். ‘சாரி, சார். மை மிஸ்டேக். நியூ ஃபிஷ், நோ சில்லி.’ நோட்டில் 20 என்று எழுதிக் கடிகாரத்தைக் காட்ட வேண்டும். 720-க்குப் பக்கத்தில் ‘நோ எக்ஸ்ட்ரா மணி’ என்று சொல்ல வேண்டும். பழைய தட்டை உடனே எடுத்துவிட்டு, அதுவரைக்கும் ஒரு கிண்ணம் யோகர்ட் வைத்தால் எரிச்சலும் தணியும். தண்ணீரைவிடத் தயிர்தான் மிளகாய்க் காரத்தை அடக்கும். புது மீன் வரும்போது மாஸ்டரே எட்டிப் பார்த்து, இந்த முறை எதைத் தூவினோம் என்று சர்வரிடம் சொல்லி அனுப்புவது நல்லது. ஏனென்றால் கணவர் நிச்சயம் கேட்பார்: ‘நோ சில்லி?’ சர்வர் அவர் சொல்லிலேயே பதில் சொல்லலாம், இந்த முறை தெரிந்தே.